கொள்முதல் வரியைக் கழித்துக்கொள்வது எப்படி: ஆறு பில்கள், ஒரு மாதக் கணக்கு

ஜி.எஸ்.டி. கணக்கு எழுதும் யாரிடமும் கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பில் கையில் இருக்கிறது, வரியும் கொடுத்துவிட்டேன், பிறகு ஏன் கழிக்க முடியாது என்கிறீர்கள்?" 2017 ஜூலைக்கு முந்தைய வாட் காலத்திலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அன்று பெரும்பாலும் பில்லைக் காட்டினால் போதும். இன்று பில் என்பது முதல் படி மட்டுமே. வாங்கியபோது கட்டிய வரியை, விற்றபோது வாங்கிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமைக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். பேச்சில் எல்லோருக்கும் அது ஐ.டி.சி. அந்த வரவு உங்கள் பில் கோப்பில் பிறப்பதில்லை. உங்களுக்கு விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் பிறக்கிறது.

சட்டம் கேட்பவை சுருக்கமாக இவை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி உங்களிடம் வரி பில் இருக்க வேண்டும். விற்றவர் அதைத் தன் விற்பனைக் கணக்கான GSTR-1 படிவத்தில் காட்டி, அது ஜி.எஸ்.டி. தளம் உங்கள் பெயரில் திரட்டித் தரும் கொள்முதல் பட்டியலான GSTR-2B-இல் வந்திருக்க வேண்டும். சரக்கோ சேவையோ உங்களை வந்தடைந்திருக்க வேண்டும். விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். வரியையும் வரவையும் காட்டி வரி கட்டும் கணக்கான GSTR-3B-ஐ நீங்களும் தாக்கல் செய்ய வேண்டும். GSTR-2B பற்றிய நிபந்தனை 2022 ஜனவரி 1 முதல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க முறையில் இருப்பவருக்கும், வரி விலக்குள்ள பொருளை மட்டும் விற்பவருக்கும் இந்த வரவு இல்லை.

இவற்றைத் தனித்தனியாக விளக்குவதைவிட, ஒரு மாதத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

மாதாமாதம் தாக்கல் செய்யும் ஒரு ஹார்டுவேர் கடை

2025 அக்டோபர் மாதத்தை எடுத்துக்கொள்வோம். கடை கீல், தாழ்ப்பாள், ஆணி விற்கிறது. எல்லாவற்றுக்கும் 18 விழுக்காடு வரி. மாநிலத்துக்குள் 6,00,000 ரூபாய்க்கு விற்றதில் மத்திய வரி 54,000, மாநில வரி 54,000. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு விற்றதில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரியான ஐ.ஜி.எஸ்.டி. 9,000. ஆக, கட்ட வேண்டிய வரி 1,17,000 ரூபாய். எதிர்ப்பக்கத்தில் ஆறு கொள்முதல் பில்கள் இருக்கின்றன.

| பில் | எதற்கு | மதிப்பு | வரி |
|---|---|---|---|
| 1 | உள்ளூர் மொத்த வியாபாரி | 2,00,000 | மத்திய 18,000 + மாநில 18,000 |
| 2 | வெளிமாநில உற்பத்தியாளர் | 1,50,000 | ஐ.ஜி.எஸ்.டி. 27,000 |
| 3 | சிறு வியாபாரி | 50,000 | மத்திய 4,500 + மாநில 4,500 |
| 4 | கடைக்குக் கணினி | 40,000 | மத்திய 3,600 + மாநில 3,600 |
| 5 | முதலாளியின் கார் பழுது | 10,000 | மத்திய 900 + மாநில 900 |
| 6 | வெளிமாநில உற்பத்தியாளர், 30-ஆம் தேதி பில் | 1,00,000 | ஐ.ஜி.எஸ்.டி. 18,000 |

வரியை மட்டும் கூட்டினால் 99,000 ரூபாய் வருகிறது. பல கடைகளில் இந்தத் தொகையை அப்படியே 1,17,000-இல் கழித்து, "18,000 கட்டினால் போதும்" என்று முடித்துவிடுவார்கள். அது தவறு. இந்த மாதம் உண்மையில் எவ்வளவு கழிக்கலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: பில் வரும்போதே பதிவேட்டில் ஏற்றுங்கள்

கொள்முதல் பதிவேட்டை மாத முடிவில் உட்கார்ந்து எழுதுவது கெட்ட பழக்கம். பில் வந்த அன்றே எழுத வேண்டும். விற்றவரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், பில் தேதி, மதிப்பு, மூன்று வரிகளும் தனித்தனியாக, சரக்கு வந்து சேர்ந்த தேதி, பணம் கொடுத்த தேதி ஆகிய இத்தனைக்கும் கட்டங்கள் வேண்டும். கடைசி இரண்டையும் பெரும்பாலான பதிவேடுகளில் காண முடியாது. பிற்பாடு வரும் தொல்லைகளில் பாதிக்கு அதுவே காரணம்.

ஏற்றும்போது பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அது 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் உங்கள் பான் எண். ஒரு முறை என் கணக்கில் இருந்த கடையின் எண்ணில் ஆங்கில 'O' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தைப் போட்டு ஒரு வியாபாரி பில் அனுப்பியிருந்தார். அவருடைய மென்பொருள் அந்த எண்ணை ஏற்காததால், அவர் அதைப் பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டிவிட்டார். வரியை அவர் கட்டியிருந்தார். எங்களுக்கு மட்டும் வரவு வரவில்லை. அவரைத் தேடிப் பிடித்துத் திருத்த வைப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

பில்லின் தலைப்பையும் பாருங்கள். 'பில் ஆஃப் சப்ளை' என்று இருந்தால் அதில் வரியே இல்லை, கழிப்பதற்கும் ஒன்றுமில்லை. இன்னொன்று: வெளிமாநிலம் போய் விடுதியில் தங்கினால் அந்த மாநிலத்தின் மத்திய, மாநில வரிகளைப் போட்டு பில் தருவார்கள். உங்கள் எண்ணை அதில் எழுதி வாங்கினாலும் அந்த வரவு உங்கள் மாநிலப் பதிவுக்குக் கிடைக்காது. அதைச் செலவாகவே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: 14-ஆம் தேதி GSTR-2B-ஐ இறக்கி ஒப்பிடுங்கள்

மாதந்தோறும் தாக்கல் செய்யும் வியாபாரிகள் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் GSTR-1 போடுகிறார்கள். காலாண்டு முறையில் இருப்பவர்கள், விரும்பினால் 13-ஆம் தேதிக்குள் IFF என்ற வசதியில் பில்களை ஏற்றலாம். இவற்றையெல்லாம் திரட்டி 14-ஆம் தேதி உங்கள் பெயரில் GSTR-2B உருவாகிறது. நம் கடைக்கு நவம்பர் 14.

2024 அக்டோபரிலிருந்து தளத்தில் IMS என்ற பலகையும் இருக்கிறது. உங்களுக்கு வந்த ஒவ்வொரு பில்லையும் அதில் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். 14-ஆம் தேதிக்குப் பிறகு அதில் எதையாவது மாற்றினால் GSTR-2B-ஐ மீண்டும் கணக்கிடச் சொல்லி அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பழைய தொகையே நிற்கும்.

ஒப்பிடும்போது பதிவேட்டை முன்னே வைத்து, GSTR-2B-ஐ அதற்கு எதிரே வையுங்கள். பலர் GSTR-2B-ஐயே பதிவேடாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் அதில் வராத பில்லை நீங்கள் ஒருநாளும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நீங்கள் வாங்காத சரக்கு உங்கள் பெயரில் ஏறியிருந்தாலும் தெரியாது. பில் எண்கள் பொருந்தாமல் போவது சாதாரணம். உங்கள் பதிவேட்டில் '1045' என்று இருக்கும், அவர் 'HW/1045/25-26' என்று ஏற்றியிருப்பார். அதனால் முதலில் ஜி.எஸ்.டி. எண்ணையும் வரித் தொகையையும் வைத்துத் தேடி, பிறகு பில் எண்ணையும் தேதியையும் கண்ணால் சரிபாருங்கள். சரக்குத் திருப்பியதற்கோ விலைக் குறைப்புக்கோ கிரெடிட் நோட் வந்திருந்தால் அதன் வரியையும் மறக்காமல் கழியுங்கள்.

நம் ஆறு பில்களில் 1, 2, 4, 5, 6 ஆகியவை GSTR-2B-இல் இருக்கின்றன. மூன்றாவது இல்லை.

விசாரித்தால், அந்த வியாபாரி காலாண்டு முறையில் இருக்கிறார், IFF-இல் ஏற்றவில்லை. இனி அவர் ஜனவரி 13-க்குள் போடும் காலாண்டு GSTR-1-இல்தான் அந்த பில் வரும். உங்களுக்கு டிசம்பர் மாத GSTR-2B-இல் தெரியும். அதுவரை 9,000 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, சட்டம் கொடுத்த நேரத்தை எடுத்துக்கொள்கிறார். அதனால் இப்படிப்பட்டவரிடம் வாங்கும்போதே "IFF-இல் ஏற்றிவிடுங்கள்" என்று பேசி வைப்பதுதான் வழி. பொருளின் விலையை உடனே கொடுத்துவிட்டு, பில் GSTR-2B-இல் வந்த பிறகு வரித் தொகையைத் தருவதாகச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிட்டால் சண்டை வராது. பிறகு சொன்னால் உறவு கெடும்.

"பில் கையில் இருக்கிறதே, இந்த மாதமே எடுத்துவிட்டால் என்ன?" என்று தோன்றும். GSTR-2B காட்டுவதைவிடக் கணிசமாக அதிகமாக எடுத்தால் DRC-01C என்ற அறிவிப்பு தளத்தில் வரும். 7 நாளுக்குள் தொகையைக் கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அடுத்த GSTR-1-ஐப் போட முடியாது. உங்களிடம் வாங்கியவர்களுக்கும் வரவு நின்றுபோகும்.

மூன்றாம் படி: இருப்பதிலிருந்து எடுக்கக் கூடாததைப் பிரியுங்கள்

GSTR-2B-இல் வந்துவிட்டாலே கழிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. ஐந்தாவது பில்லைப் பாருங்கள். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்தின் விலை, பழுது, காப்பீடு எதற்கும் சாதாரண வியாபாரிக்கு வரவு கிடையாது. 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. கார் கடையின் பெயரில் இருந்தாலும் இதே கதைதான். அதே பணிமனையில் சரக்கு ஏற்றும் டெம்போவைப் பழுது பார்த்திருந்தால் 1,800 ரூபாயையும் தாராளமாக எடுக்கலாம். இலவசமாகக் கொடுத்த பொருள், திருடு போனதும் வீணானதும், சொந்தக் கட்டடம் கட்டிய செலவு ஆகியவையும் இந்தத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. வாங்கியபோது வரவு எடுத்து, பிறகு சரக்கு தண்ணீரில் நனைந்து கெட்டுப்போனால், எடுத்ததைத் திருப்ப வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் நினைவில் வைப்பதில்லை.

நான்காவது, கணினி. கடை வேலைக்கு என்பதால் 7,200 ரூபாயும் கிடைக்கும். ஒரு நிபந்தனை: வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போடும்போது கணினியின் விலையாக 40,000-ஐத்தான் எடுக்க வேண்டும், 47,200-ஐ அல்ல. வரிக்கும் சேர்த்துத் தேய்மானம் போட்டால் ஜி.எஸ்.டி. வரவு போய்விடும். வருமான வரியை ஒருவரும் ஜி.எஸ்.டி.யை இன்னொருவரும் பார்க்கும் கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

ஆறாவது பில் அக்டோபர் 30-ஆம் தேதியிட்டது. லாரி நவம்பர் 3-ஆம் தேதிதான் கடை வாசலுக்கு வந்தது. அக்டோபர் கணக்கில் சரக்கு வந்து சேரவில்லை, ஆகவே அக்டோபரில் வரவும் இல்லை, நவம்பரில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பில்லுக்குச் சரக்கு தவணையாக வருகிறது என்றால் கடைசித் தவணை வந்த பிறகே எடுக்க முடியும்.

நான்காம் படி: GSTR-3B-இல் எந்தக் கட்டத்தில் எது

20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய GSTR-3B-இன் நான்காவது அட்டவணையில் GSTR-2B-இன் தொகை தானாகவே வந்து நிற்கும். 4(A)(5)-இல் ஐ.ஜி.எஸ்.டி. 45,000, மத்திய வரி 22,500, மாநில வரி 22,500. எடுக்கக் கூடாததை இங்கே குறைத்து எழுதிவிட்டுப் போகாதீர்கள். முழுத் தொகையையும் அப்படியே விட்டு, கீழே உள்ள கட்டங்களில் திருப்பிக் காட்டுங்கள். அப்போதுதான் எது ஏன் குறைந்தது என்பதற்குத் தடம் இருக்கும்.

இனி ஒருபோதும் எடுக்க முடியாத கார் பில்லின் 900-உம் 900-உம் 4(B)(1)-க்குப் போகின்றன. பிறகு எடுக்கப்போகும் ஆறாவது பில்லின் 18,000 ஐ.ஜி.எஸ்.டி. 4(B)(2)-க்குப் போகிறது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் வம்பு. 4(B)(2)-இல் போட்டதற்கு மட்டுமே தளம் தனிக் கணக்கு வைக்கிறது. நவம்பர் GSTR-3B-இல் அந்த 18,000-ஐ 4(A)(5)-இல் சேர்த்து, 4(D)(1)-இலும் காட்டும்போது, முன்பு திருப்பிய தொகைக்குள் இருக்கிறதா என்று அந்தக் கணக்கோடு தளம் ஒப்பிட்டுப் பார்க்கும்.

நிகர வரவு: ஐ.ஜி.எஸ்.டி. 27,000, மத்திய வரி 21,600, மாநில வரி 21,600. மொத்தம் 70,200.

இதை எந்த வரிசையில் கழிப்பது என்பதற்கும் விதி உண்டு. முதலில் ஐ.ஜி.எஸ்.டி. வரவு முழுவதும் தீர வேண்டும். அது முதலில் ஐ.ஜி.எஸ்.டி. வரிக்குப் போகிறது: 9,000. மீதி 18,000-ஐ மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் நீங்கள் விரும்பியபடி பிரிக்கலாம். இங்கே 9,000, 9,000 என்று வைப்போம். இப்போது மத்திய வரியில் 45,000 மீதி இருக்கிறது. அதில் 21,600-ஐக் கழித்தால் 23,400. மாநில வரியிலும் அதே 23,400. ஆக ரொக்கமாகக் கட்ட வேண்டியது 46,800 ரூபாய். ஆரம்பத்தில் மனக்கணக்காகச் சொன்ன 18,000 எங்கே, இது எங்கே!

மத்திய வரி வரவை மாநில வரிக்கோ, மாநில வரி வரவை மத்திய வரிக்கோ பயன்படுத்தவே முடியாது. ஒரு பக்கம் வரவு கிடந்து தூங்க, மறுபக்கம் ரொக்கம் கட்டும் நிலை இதனால்தான் வருகிறது. ஐ.ஜி.எஸ்.டி. மீதியைப் பிரிக்கும்போது எந்தப் பக்கத்தில் பற்றாக்குறை அதிகமோ அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

வரவு எடுத்த பிறகும் ஓடும் கடிகாரங்கள்

பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள், மதிப்பையும் வரியையும் சேர்த்து விற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் பில்லின் தேதி அக்டோபர் 1 என்றால் கெடு 2026 மார்ச் 30. பாதிதான் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் பாக்கிக்கு ஏற்ற வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் கால வரம்பு இல்லை. நீண்ட கடனில் சரக்கு எடுக்கும் கடைகள் இதில் மாட்டுகின்றன. பதிவேட்டில் பணம் கொடுத்த தேதிக்கும் கட்டம் வேண்டும் என்றது இதற்காகத்தான்.

அடுத்தது விற்றவரின் நடத்தை. அவர் GSTR-1 போட்டு பில்லைக் காட்டிவிட்டு, GSTR-3B போடாமல், அதாவது வரி கட்டாமல் இருக்கலாம். 2025-26 ஆண்டு பில்லுக்கு அவர் 2026 செப்டம்பர் 30 வரை GSTR-3B போடாவிட்டால், நவம்பர் 30-க்குள் நீங்கள் அந்த வரவைத் திருப்ப வேண்டும். அவர் என்றைக்காவது கட்டினால் மீண்டும் எடுக்கலாம். தளத்தில் 'Search Taxpayer' பகுதியில் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டால் எந்தெந்த மாதத்துக்கு எதைத் தாக்கல் செய்தார் என்று தெரியும். பெரிய தொகைக்கு வாங்கும் ஐந்தாறு பேரை மட்டுமாவது மாதம் ஒரு முறை பாருங்கள்.

விட்டுப்போன பில்லுக்கும் கெடு உண்டு. 2025-26 ஆண்டின் பில்லை 2026 நவம்பர் 30 வரையோ, அந்த ஆண்டின் வருடாந்தரக் கணக்கைப் போடும் நாள் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் எடுக்கலாம். மூன்றாவது பில்லைப் போல் காத்திருப்பவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்து, மாதாமாதம் அதை GSTR-2B-உடன் ஒப்பிடுங்கள்.

கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியவை

வரவு சரியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு எடுத்தவருடையது; 155-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பில்லும் வங்கிப் பரிமாற்றமும் போதும் என்று பலர் நம்பியிருந்தார்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கர்நாடக வாட் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு காபி வணிக வழக்கில், அவை மட்டும் போதாது என்று சொல்லிவிட்டது. சரக்கு உண்மையில் நகர்ந்ததற்கு வண்டி விவரம், வாடகை கொடுத்த ஆதாரம், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் போன்றவை வேண்டும் என்றது. ஜி.எஸ்.டி. அதிகாரிகளும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு பில்லின் பின்னாலும் அதன் கதையைக் குத்தி வையுங்கள். இரண்டாவது பில்லை எடுத்துக்கொண்டால்: வரி பில், இ-வே பில், வண்டி எண் உள்ள லாரி ரசீது, சரக்கை இறக்கியவர் தேதி போட்டுக் கையெழுத்திட்ட தாள், வாடகை கொடுத்த வவுச்சர், உற்பத்தியாளருக்குப் பணம் போன வங்கிப் பட்டியலின் அந்தப் பக்கம். ஐந்தாறு தாள்தான். சரக்கு வந்த அன்று சேர்த்தால் ஐந்து நிமிட வேலை. மூன்று வருடம் கழித்துத் தேடினால் அந்த லாரி அலுவலகமே இருக்காது.

மாதத்துக்கு ஒரு கோப்பில் GSTR-2B-இன் எக்செல் பிரதி, நீங்கள் ஒப்பிட்ட தாள், எந்த பில்லை ஏன் திருப்பினீர்கள் என்ற குறிப்பு, தாக்கல் செய்த GSTR-3B, மின்னணு வரவுப் பேரேட்டின் பிரதி ஆகியவை இருக்கட்டும். தளத்தில் எப்போதும் கிடைக்குமே என்று இறக்காமல் விடாதீர்கள். ஒப்பிட்ட தாள் தளத்தில் இல்லை, அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

வருடாந்தரக் கணக்கின் கெடு நாளிலிருந்து 72 மாதம் இவற்றை வைத்திருக்க வேண்டும். 2025-26-க்கான கெடு 2026 டிசம்பர் 31 என்பதால், இந்த அக்டோபர் கோப்பு 2032 டிசம்பர் 31 வரை அலமாரியில் இருக்க வேண்டும். இடையில் வழக்கோ மேல்முறையீடோ வந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது இந்தத் தேதி வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. வெப்பத் தாளில் அச்சான பில் ஓராண்டிலேயே மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அவற்றை மட்டும் வந்த அன்றே நகல் எடுத்து, அசலோடு சேர்த்துக் குத்திவிடுங்கள்.